ஞாயிறு காலைக்கு எத்தனை வடை?

தங்கும் விடுதியின் காலைச் சிற்றுண்டி பஃபேக்கு எவ்வளவு சமைப்பது என்பது இரண்டு எண்களைப் பெருக்கி எடுக்கும் விடை. எத்தனை பேர் சாப்பிட வருவார்கள் என்பது முதல் எண். வருகிற ஒருவர் ஒவ்வொரு பண்டத்திலும் சராசரியாக எவ்வளவு எடுத்துக்கொள்வார் என்பது இரண்டாவது எண். முதலாவது விடுதியின் அறைப் பதிவில் இருக்கிறது. இரண்டாவது சமையலறையின் பழைய குறிப்பேட்டில் இருக்கிறது. பெருக்குவதில் யாருக்கும் சிரமம் இல்லை. ஆனால் அறைப் பதிவும் சரி, குறிப்பேடும் சரி, கேட்ட கேள்விக்கு நேரான விடை சொல்வதில்லை. அறைப் பதிவு எத்தனை அறைகள் நிரம்பின என்று சொல்லும். எத்தனை பேர் பஃபேக்கு வருவார்கள் என்று சொல்லாது. குறிப்பேடு எவ்வளவு தீர்ந்தது என்று சொல்லும். விருந்தினர் எவ்வளவு சாப்பிட விரும்பினார்கள் என்று சொல்லாது. கணிப்பு வேலையின் பெரும்பகுதி இந்த இரண்டு இடைவெளிகளையும் அடைப்பதில்தான் கழிகிறது.

மதுரையில் 100 அறைகள் கொண்ட ஒரு நடுத்தர விடுதியை எடுத்துக்கொள்ளலாம். கீழே வரும் எண்கள் விளக்கத்துக்காக அமைத்துக்கொண்டவை. ஆனால் இந்த அளவு விடுதிகளில் நடப்பதை ஒட்டியவை. காலை 7 மணிக்குத் தொடங்கும் பஃபே 10.30க்கு முடிகிறது. இட்லி, வடை, பொங்கல், ஒரு வட இந்தியப் பண்டம், ரொட்டி வகைகள், நறுக்கிய பழம் ஆகியவை மேசையில் இருக்கும். தோசையும் முட்டையும் கேட்கும்போது போட்டுத் தரப்படும். ஞாயிற்றுக்கிழமை காலைக்கு எவ்வளவு தயாரிக்க வேண்டும் என்பதுதான் கேள்வி.

முதலில் ஒரு தேதிக் குழப்பத்தைத் தவிர்க்க வேண்டும். ஞாயிறு காலையில் சாப்பிடுகிறவர்கள் சனிக்கிழமை இரவு அங்கே தூங்கியவர்கள். ஞாயிறு மதியம் வந்து அறை எடுப்பவர்கள் திங்கள் காலைதான் சாப்பிடுவார்கள். ஆகவே ஞாயிறு சிற்றுண்டிக்குப் பார்க்க வேண்டியது சனிக்கிழமைக்கு எதிரே எழுதிய அறை நிரம்பல். மிக எளிய விஷயம்தான். ஆனாலும் மாதாந்திரத் தாளில் ஒவ்வொரு தேதிக்கும் நேராக அன்றைய நிரம்பலையும் அன்றைய சிற்றுண்டி எண்ணிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்து, இரண்டையும் வகுத்து விகிதம் எடுக்கும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. நிரம்பல் நாளுக்கு நாள் பெரிதாக மாறாத வாரநாள்களில் இந்தத் தவறு வெளியே தெரியாது. வாரக் கடைசியில் தெரிந்துவிடும். சனிக்கிழமை சமைத்தது மிஞ்சும், திங்கட்கிழமை காரணமே இல்லாமல் கூட்டம் வந்ததாகத் தோன்றும். விகிதம் ஒரு நாள் நூறு சதவீதத்தைத் தாண்டி, வேறொரு நாள் பாதிக்கு இறங்கினால், முதலில் சந்தேகப்பட வேண்டியது தேதியைத்தான்.

சனிக்கிழமை இரவுக்கு 84 அறைகள் நிரம்பும் என்று முன்பதிவு சொல்கிறது என வைத்துக்கொள்வோம். அறையை ஆளாக மாற்ற வேண்டும். வாரநாளில் அலுவல் வேலையாக வருகிறவர் ஓர் அறையில் ஒருவராகத் தங்குவார். வாரக் கடைசியில் குடும்பமாக வருகிறவர்கள் குழந்தைகளோடு மூன்று நான்கு பேராக இருப்பார்கள். இதனால் 84 அறை என்பது ஒரு செவ்வாய்க்கிழமை நூறு பேரைக் குறிக்கலாம், ஒரு சனிக்கிழமை இருநூறு பேரைத் தொடலாம். நிரம்பல் சதவீதத்தை மட்டும் பார்த்து மாவு அரைக்கும் சமையலறை இங்கேயே பாதி வழி தவறிவிடுகிறது. நாம் பார்க்கும் சனிக்கிழமையில் பதிவின்படி தங்கப்போவது 194 பேர்.

இந்த விடுதியின் நீண்ட நாள் சராசரிப்படி, தங்கியவர்களில் 80 சதவீதம் பேர் பஃபேக்கு வருகிறார்கள். 194இல் 80 சதவீதம் 155. இந்த எண்ணை எடுத்துக்கொண்டு சமைத்தால் என்ன ஆகும் என்பதைப் பார்க்க, அந்த 194 பேர் யார் என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

20 அறைகளில் 40 பேர் ஒரு சுற்றுலாக் குழு. ஞாயிறு அதிகாலை 5.30க்கு அவர்கள் பேருந்து ராமேஸ்வரத்துக்குக் கிளம்புகிறது. அவர்களுக்கு சிற்றுண்டி பொட்டலமாகப் போகும். பஃபேக்கு ஒருவரும் வரமாட்டார்கள். 22 அறைகளில் 62 பேர் ஒரு திருமண வீட்டார். காலை முகூர்த்தம் என்றால் மண்டபத்திலேயே டிபன். பழைய குறிப்புகளின்படி கல்யாண வீட்டாரில் பத்துக்கு மூன்று பேர்தான் விடுதியில் சாப்பிடுகிறார்கள். பெரும்பாலும் வயதானவர்கள், கைக்குழந்தைக்காரர்கள், முதல் நாள் இரவு தாமதமாக வந்து சேர்ந்தவர்கள். ஆக 19 பேர். 12 அறைகளில் 14 பேர் அலுவல் பயணிகள். இவர்களில் சிலர் சிற்றுண்டி சேராத அறைக் கட்டணத்தில் தங்குபவர்கள். விடுதிக்காரர்கள் இதை ஈ.பி. என்பார்கள், சிற்றுண்டி சேர்ந்ததை சி.பி. என்பார்கள். இந்தப் பிரிவின் பழைய விகிதம் 85 சதவீதம். 12 பேர் வருவார்கள். மீதி 30 அறைகளில் 78 பேர் குடும்பமாக ஊர் பார்க்க வந்தவர்கள். கட்டணத்தில் சிற்றுண்டி சேர்ந்திருக்கிறது, அவசரமும் இல்லை. 92 சதவீதம் பேர் வந்துவிடுவார்கள், 72 பேர். இவற்றோடு, தங்காமல் பணம் கொடுத்துச் சாப்பிட வரும் உள்ளூர்க்காரர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் சராசரியாக ஐந்து பேர். எல்லாம் கூட்டினால் 108.

155க்கும் 108க்கும் இடையே 47 பேர் வித்தியாசம். 80 சதவீதம் என்ற சராசரி பொய்யில்லை. பல மாதங்களைச் சேர்த்துப் பார்த்தால் அது சரியாகவே இருக்கும். ஆனால் அந்தச் சராசரி எந்தக் கலவையிலிருந்து வந்ததோ அந்தக் கலவை இந்த ஞாயிற்றுக்கிழமை இல்லை. விருந்தினரை நான்கு பிரிவாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் தனி விகிதம் வைத்துக்கொள்வது, ஒரே சராசரியை எவ்வளவு நுட்பமான கணிதத்தால் மெருகேற்றினாலும் கிடைக்காத பலனைத் தருகிறது. இதற்காகப் பெரிய மென்பொருள் எதுவும் தேவையில்லை. ஃபிரண்ட் ஆபீஸும் சமையலறையும் முதல் நாள் மாலை பத்து நிமிடம் பேசிக்கொண்டால் போதும். குழு எத்தனை மணிக்குக் கிளம்புகிறது, முகூர்த்தம் எப்போது, மண்டபத்தில் டிபன் உண்டா என்ற மூன்று கேள்விகளும் பல விடுதிகளில் கேட்கப்படாமலே போகின்றன என்பதுதான் வேடிக்கை.

பிரிவுகளின் கலவை ஊரின் காலண்டரைச் சார்ந்தது. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணக் கூட்டம் குறைவு. ஆவணியிலும் தையிலும் அதிகம். கார்த்திகையில் மாலை போட்டவர்கள் வருவார்கள். விடியும் முன்பே கிளம்பிவிடுவார்கள். சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும் நாளன்று விடுதி நிரம்பி வழியும். ஆனால் எல்லோரும் இருட்டிலேயே வைகைக்குப் போய்விட்டு, வெயில் ஏறிய பிறகுதான் பசியோடு திரும்புவார்கள். இந்த நாளைப் போன வருடத்தின் அதே ஆங்கிலத் தேதியோடு ஒப்பிடுவது வீண். பௌர்ணமி ஒவ்வோர் ஆண்டும் சுமார் 11 நாள் முன்னே நகர்ந்து, இடையில் ஓர் ஆண்டில் பின்னே தள்ளிப்போகும். போன சித்திரா பௌர்ணமியோடு இந்தச் சித்திரா பௌர்ணமியைத்தான் ஒப்பிட வேண்டும். சாதாரண ஞாயிற்றுக்கிழமைக்கு, கடந்த எட்டுப் பத்து ஞாயிற்றுக்கிழமைகள் போதும்.

இனி இரண்டாவது எண். ஒருவருக்கு எத்தனை வடை?

சமையலறைக் குறிப்பேட்டில் கடந்த நான்கு ஞாயிற்றுக்கிழமைகளின் கணக்கு இருக்கிறது. முதல் ஞாயிறு 118 பேர் வந்தார்கள், 120 வடை செலவு. இரண்டாவது ஞாயிறு 96 பேர், 114 வடை. மூன்றாவது 131 பேர், 120 வடை. நான்காவது 104 பேர், 120 வடை. மொத்தம் 449 பேர், 474 வடை, ஆளுக்கு 1.06. வருகிற ஞாயிறு 108 பேர் என்றால் 114 வடை போதும் என்று கணக்கு முடிகிறது.

ஆனால் அந்த நான்கு வரிகளைத் தனித்தனியே பார்த்தால் ஒன்று உறுத்தும். 96 பேர் வந்த நாளில் ஆளுக்கு 1.19 வடை செலவாகியிருக்கிறது; 131 பேர் வந்த நாளில் ஆளுக்கு 0.92தான். கூட்டம் அதிகமானால் மனிதர்களுக்கு வடை ஆசை குறைந்துவிடுமா? காரணம் வேறு. ஒவ்வொரு ஞாயிறும் 120 வடைதான் சுடுகிறார்கள். மூன்று நாள்களில் அந்த 120ம் தீர்ந்துபோயிருக்கிறது. தீர்ந்த பிறகு வந்தவர்களுக்கு வடை கிடைக்கவில்லை. ஆனால் தலைக்கணக்கில் அவர்களும் சேர்ந்திருக்கிறார்கள். குறிப்பேட்டில் இருக்கும் 120 என்பது விருந்தினரின் விருப்பத்தைக் காட்டும் எண் அல்ல, வாணலியின் அளவைக் காட்டும் எண்.

வருகை கூடக்கூட ஆளுக்கான செலவு இறங்கிக்கொண்டே போவதுதான், பண்டம் நடுவில் தீர்ந்துபோனதற்கான அடையாளம். அதைத் திருத்துவதற்கு ஒரு தகவல் மட்டும் வேண்டும்: எத்தனை மணிக்குத் தீர்ந்தது? வாசலில் அறை எண்ணைக் குறித்துக்கொள்ளும் ஊழியரின் தாளில் அந்த நேரம் வரை எத்தனை பேர் வந்திருந்தார்கள் என்பது இருக்கும். முதல் ஞாயிறு வடை தீர்ந்தபோது 100 பேர் வந்திருந்தார்கள். மூன்றாவது ஞாயிறு 9.15க்கே தீர்ந்துவிட்டது; அதுவரை 101 பேர். நான்காவது ஞாயிறு கடைசி நேரத்தில்தான் தீர்ந்தது, 102 பேருக்குப் பிறகு. இரண்டாவது ஞாயிறு ஆறு வடை மிஞ்சியது, ஆகவே வந்த 96 பேருக்கும் தாராளமாகக் கிடைத்தது. வடை கிடைத்தவர்களை மட்டும் கூட்டினால் 399 பேர், 474 வடை, ஆளுக்கு 1.19. நான்கு நாள்களையும் இப்படித் தனித்தனியே வகுத்துப் பார்த்தாலும் எல்லாம் 1.18க்கும் 1.20க்கும் இடையிலேயே நிற்கின்றன. திருத்தம் சரியான திசையில் போகிறது என்பதற்கு அந்த ஒற்றுமையே சாட்சி. 108 பேருக்கு இப்போது 129 வடை வேண்டும்.

திருத்தாமல் விட்டால் நஷ்டம் ஒரு வாரத்தோடு நிற்காது. 1.06 என்று நம்பி 114 சுட்டால் அது இன்னும் சீக்கிரம் தீரும். அடுத்த வாரம் ஆளுக்கான சராசரி இன்னும் இறங்கும். அதை நம்பி மேலும் குறைப்பார்கள். தாளில் பார்த்தால் கணிப்பு நாளுக்கு நாள் துல்லியமாகிக்கொண்டே வருவதுபோலத் தோன்றும். சுட்டதெல்லாம் தீர்ந்துவிடுகிறதே! மிச்சமே இல்லாத பஃபே திறமையான பஃபே என்று நினைக்கும் மேலாளர் பெரும்பாலும் இந்தக் கண்ணாடியில்தான் தன்னைப் பார்த்துக்கொள்கிறார்.

வடை இல்லாத நாளில் இன்னொன்றும் நடக்கிறது. வடை கிடைக்காதவர் வெறும் வயிற்றோடு போவதில்லை. ஓர் இட்லி கூட எடுத்துக்கொள்கிறார், அல்லது தோசை வரிசையில் நிற்கிறார். ஆகவே அன்றைய இட்லிக் கணக்கு உண்மையைவிட உயர்ந்திருக்கும். ஒரு பண்டம் தீர்ந்த நாளின் குறிப்பை மற்றப் பண்டங்களுக்குப் பயன்படுத்தும்போதும் தயங்க வேண்டும். பூரி கிழங்கு வைத்த நாளில் இட்லி குறைவதும், பிரெட் வகைகளைக் குறைத்த நாளில் பொங்கல் கூடுவதும் இதே காரணத்தால்தான். ஆளுக்கு இத்தனை என்ற விகிதம் அந்த மெனுவுக்கு மட்டும் பொருந்தும்; மெனு மாறினால் பழைய எண்ணைப் பாதி நம்பிக்கையோடுதான் கையாள வேண்டும்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. சில சமையலறைகள் மேசைக்கு அனுப்பியதை மட்டும் எழுதிவைக்கின்றன, திரும்பி வந்ததைக் கழிப்பதில்லை. பஃபே மேசையில் ஒரு பாத்திரம் பாதிக்குக் கீழே இறங்கினால் பார்க்க நன்றாக இருக்காது என்பதற்காக, ஆள் குறைவாக வந்தாலும் ஓரளவு நிரப்பி வைத்தாக வேண்டும். அந்த அளவு ஆட்களைப் பொறுத்ததல்ல, பாத்திரத்தைப் பொறுத்தது. 40 பேர் வந்த நாளில் நான்கு கிலோ பொங்கல் அனுப்பினால் ஆளுக்கு 100 கிராம் என்று கணக்கு காட்டும். அதில் ஒன்றரைக் கிலோ அப்படியே திரும்பியிருக்கும். இந்த 100 கிராமை 150 பேர் வரும் நாளுக்கு விரித்தால் பதினைந்து கிலோ பொங்கல் ஆக்கச் சொல்லும். அனுப்பியதிலிருந்து திரும்பியதைக் கழித்து, மிச்சத்தைத்தான் தலைக்கு வகுக்க வேண்டும். பாத்திரத்தை நிரப்பிக் காட்டுவதற்கான அளவைத் தனியாக வைத்துக்கொண்டு, கடைசி அரை மணி நேரத்தில் பெரிய பாத்திரத்தை எடுத்துவிட்டுச் சின்னதை வைப்பது அந்தத் தனி அளவைக் குறைக்கும் வழி. வருகை மிகவும் குறைந்துவிடும் நாள்களில் பஃபேயையே நிறுத்திவிட்டு, மேசைக்கு வந்து கேட்டுப் பரிமாறுவதற்கு விடுதிகள் மாறிக்கொள்வதும் இதனால்தான்.

108 பேர், 129 வடை என்பது நடுக்கணக்கு. அதற்கு மேல் எத்தனை பேர் வருவார்கள், கீழே எத்தனை பேர் குறைவார்கள் என்பதும் தெரிந்தால்தான் எவ்வளவு ஆக்குவது என்று முடிவெடுக்க முடியும். தனித்தனியாக முடிவெடுக்கும் நூறு பேர் என்றால் ஏற்ற இறக்கம் ஒன்றையொன்று ஈடுசெய்து சிறிதாகிவிடும். ஆனால் விடுதியில் அப்படி இல்லை. குடும்பம் வந்தால் நான்கு பேரும் வருவார்கள், வராவிட்டால் நான்கு பேரும் வரமாட்டார்கள். 78 பேர் என்பது உண்மையில் 30 முடிவுகள். சுற்றுலாக் குழுவில் அது இன்னும் மோசம்: வழிகாட்டி ஒருவர் பேருந்தை 5.30லிருந்து 8 மணிக்கு மாற்றினால் ஒரே முடிவில் 40 பேர் பஃபேயில் வந்து நிற்பார்கள். ஆகவே சூத்திரத்தைப் போட்டுப் பிழையைக் கணிப்பதைவிட, விடுதியின் சொந்தப் பழைய பிழைகளைப் பார்ப்பது நம்பகமானது. கடந்த 20 ஞாயிறுகளில் கணித்ததையும் வந்ததையும் எழுதி, வித்தியாசங்களை வரிசைப்படுத்தினால், அவற்றில் 15 நாள்களில் வருகை கணிப்பைவிட ஏழு பேருக்கு மேல் கூடவில்லை என்று தெரிகிறது என்போம். அதாவது 115 பேருக்குத் தயாராக இருந்தால் நான்கு ஞாயிறுகளில் மூன்றில் குறை வராது.

நான்கில் மூன்று போதுமா, இருபதில் பத்தொன்பது வேண்டுமா? இதற்குப் பழைய விடை ஒன்று இருக்கிறது. வணிகப் படிப்பில் அதைச் செய்தித்தாள் விற்பவர் கணக்கு என்பார்கள். ஒன்று கூடுதலாகத் தயாரித்து மிஞ்சினால் வரும் நஷ்டத்தையும், ஒன்று குறைந்தால் வரும் நஷ்டத்தையும் பக்கத்தில் வைக்க வேண்டும். குறைவதால் வரும் நஷ்டத்தை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால், எத்தனை பங்கு நாள்களில் குறையில்லாமல் இருக்க வேண்டும் என்பது கிடைக்கும். மிஞ்சிய வடைக்கு 6 ரூபாய் நஷ்டம், கிடைக்காத வடைக்கு 18 ரூபாய் நஷ்டம் என்றால், 18ஐ 24ஆல் வகுக்க 0.75, நான்கில் மூன்று நாள். மிஞ்சியதன் விலையைப் பருப்பும் எண்ணெயும் சொல்லிவிடும். கிடைக்காததன் விலைதான் சங்கடம், ஏனென்றால் பஃபேயில் விருந்தினர் ஏற்கெனவே பணம் கட்டியாகிவிட்டது; வடை தீர்ந்ததால் கல்லாவில் ஒரு ரூபாய்கூடக் குறையாது. முகம் சுளித்தலுக்கும் இணையத்தில் எழுதப்படும் குறைக்கும் ஒரு விலை போட வேண்டும். நடைமுறையில் ஒரே ஒரு புகார் வந்த வாரத்தில் மேலாளர்கள் அந்த விலையை வானத்துக்கு ஏற்றிவிடுகிறார்கள். அடுத்த மூன்று மாதம் குப்பைத்தொட்டி நிறைகிறது.

எல்லாப் பண்டங்களுக்கும் ஒரே அளவு கூடுதல் வைப்பது சரியாகாது. எப்போது முடிவெடுக்க வேண்டும், மிஞ்சினால் என்ன ஆகும் என்ற இரண்டும் பண்டத்துக்குப் பண்டம் மாறும். இட்லி மாவை முதல் நாள் மாலைக்குள் அரைத்து இரவு முழுக்கப் புளிக்க விட வேண்டும். அரிசி ஊறப்போடும்போது, அதாவது சனிக்கிழமை மதியமே, அளவு முடிவாகிவிடும். அந்த நேரத்தில் அன்றிரவுக்கான கடைசி நேர முன்பதிவுகள் தெரியாது. நல்லவேளையாக, மிஞ்சிய மாவு குளிரறைக்குப் போய் மறுநாள் ஊத்தப்பமாகிவிடும், நஷ்டம் சொற்பம். ஆகவே மாவைத் தாராளமாக, 125 பேருக்குக்கூட அரைத்துவைக்கலாம். ஆனால் அதை எல்லாம் இட்லியாக ஊற்றிவிடக் கூடாது. பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் ஓர் ஈடு வெந்துவிடும் என்பதால், கூட்டம் பார்த்து ஊற்றினால் போதும். பொங்கல் நேர் எதிர். ஆக்கியது மிஞ்சினால் வேறு எதற்கும் ஆகாது, ஆறினால் இறுகிவிடும். அதை நடுக்கணக்குக்குக் கொஞ்சம் கீழேயே முதலில் ஆக்கி, இரண்டாவது ஈட்டுக்கு அரிசியும் பருப்பும் கழுவித் தயாராக வைத்துக்கொள்வது வழக்கம். வடை இரண்டுக்கும் நடுவில். உளுந்தை இரவில் ஊறவைத்து விடியற்காலையில் அரைப்பார்கள். நைட் ஆடிட்டர் நள்ளிரவுக்குப் பிறகு கணக்கை முடித்து, அன்றிரவு உண்மையில் தங்கியவர் பட்டியலைச் சமையலறைக்கு அனுப்பும்போது, அரைக்கும் அளவை இன்னும் திருத்த முடியும். 115 பேருக்கு 1.19 வீதம் 137 வடைக்கு மாவு; சுடுவது இருபது இருபதாக.

மேசைக்குப் போய்த் திரும்பிய உணவை மறுபடி பரிமாறுவதில்லை. சூடான உணவு 60 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கி நின்றால் கிருமி பெருகும் என்பதோடு, பலர் கைபட்ட கரண்டியும் அதில் இருக்கிறது. மேசைக்கே போகாமல் சமையலறையில் மிஞ்சியது வேறு வகை. அதை முறையாகச் சேகரித்துப் பிறருக்கு வழங்குவதற்கு இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2019இல் தனி விதிமுறைகள் வகுத்தது. இருபது இருபதாகச் சுட்டு அனுப்பும் சமையலறையில் மிச்சம் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகையாக, அல்லது மாவாகவே, நிற்கும்.

கடைசித் திருத்தம் பஃபே நடக்கும்போதே. இந்த விடுதியில் ஞாயிறு காலை 9 மணிக்குள் வழக்கமாக 45 சதவீதம் பேர் வந்து முடித்திருப்பார்கள். இன்று 9 மணிக்கு 58 பேர் வந்துவிட்டார்கள் என்றால், 58ஐ 0.45ஆல் வகுத்து 129 பேர் வரப்போகிறார்கள் என்று அலறத் தோன்றும். அது அவசரம். கூட்டம் கூடியிருக்கலாம், அல்லது அதே கூட்டம் சீக்கிரம் வந்திருக்கலாம். இரண்டையும் வேறுபடுத்த, வந்தவர் எண்ணிக்கையைவிட வராதவர் பட்டியல் உதவும். வாசல் ஊழியரின் தாளில் இன்னும் குறிக்கப்படாத அறைகள் எவை, அவற்றில் குடும்பங்கள் எத்தனை, கல்யாண வீட்டார் எத்தனை என்று பார்த்தால் மிச்ச வருகை நேராகவே கிடைக்கும். அன்றைய தாளில் இன்னும் வராத குடும்ப அறைகள் 13, அவற்றில் 34 பேர். பாக்கியுள்ள கல்யாண வீட்டார், மற்றவர்களிலிருந்து இருபது பேர் வரை எதிர்பார்க்கலாம். குடும்பங்களில் இரண்டு மூன்று பேர் வராமல் போகலாம் என்பதையும் கழித்தால், மொத்தம் 110ஐ ஒட்டித்தான் நிற்கும். பொங்கலின் இரண்டாவது ஈட்டை முழுதாக இல்லாமல் பாதியாக ஏற்றினால் போதும்.

அன்று உண்மையில் வந்தது 113 பேர். கணிப்பைவிட ஐந்து கூடுதல். வைத்திருந்த 115க்குள் அடங்கியது. வடை 132 செலவு, ஆளுக்கு 1.17, ஐந்து வடைக்கான மாவு மிச்சம். மொத்த எண் ஏறக்குறையச் சரியாக வந்ததால் தாளை மூடிவைத்துவிடலாம் என்று தோன்றும். பிரிவுவாரியாகப் பார்த்தால் வேறு கதை. குடும்பங்கள் 70 பேர், அலுவல் பயணிகள் 12, வெளியிலிருந்து 4. மூன்றும் கணிப்பை ஒட்டியே இருக்கின்றன. கல்யாண வீட்டார் 19க்குப் பதில் 27 பேர் வந்திருக்கிறார்கள். 30 சதவீதம் என்ற விகிதம் அன்று 44 ஆகிவிட்டது.

இப்படி ஒரு நாள் விலகும்போது பழைய விகிதத்தைத் தூக்கி எறிவதும் தவறு, கண்டுகொள்ளாமல் இருப்பதும் தவறு. வழக்கமான முறை, வித்தியாசத்தில் ஐந்தில் ஒரு பங்கை மட்டும் எடுத்துப் பழைய விகிதத்தோடு சேர்ப்பது. 30 சதவீதம் 33 ஆகும். விலகல் தொடர்ந்தால் விகிதம் மெல்ல மெல்ல அங்கே போய்ச் சேரும், தற்செயல் என்றால் பெரிதாக அசையாது. ஆனால் காரணம் தெரியும்போது இந்த முறைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. அந்த ஞாயிறு முகூர்த்தம் 10.30 மணிக்கு. 6 மணி முகூர்த்தத்துக்குப் போகிறவர்கள் விடுதியில் சாப்பிட நேரமே இல்லை, 10.30 என்றால் பலர் சாவகாசமாகச் சாப்பிட்டுவிட்டுப் புறப்படலாம். குறிப்பேட்டில் கல்யாண வீட்டார் என்ற ஒரே வரி இனி இரண்டு வரியாகிறது: 9 மணிக்கு முந்தைய முகூர்த்தம் ஒன்று, பிந்தையது ஒன்று. முதல் வரியில் 30 சதவீதம் அப்படியே நிற்கும். இரண்டாவது வரியில் இப்போதைக்கு ஒரே ஒரு நாளின் 44 சதவீதம் இருக்கிறது. இன்னும் நான்கைந்து கல்யாணங்கள் வந்து போகும்வரை அதன் பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி.